போன்லெஸ் சிக்கனுக்கு எத்தனை கிலோ கோழி வாங்க வேண்டும்? முழுமையான வழிகாட்டி

வீட்டிலேயே சமைத்து ஆர்டர் எடுக்கும் ஒருவருக்கு, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முப்பது பார்சல் ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பார்சலிலும் எலும்பில்லாத மிளகுக் கோழி வறுவல், கறி மட்டும் 100 கிராம் இருக்க வேண்டும். ஆக 3 கிலோ. சரி, கடையில் போய் எத்தனை கிலோ கேட்பது?

மூன்று கிலோ போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். எலும்பு போகும், தோல் போகும், வெந்தால் சுருங்கும். அதனால் "நாலரை வாங்கு, எதற்கும் அஞ்சாக வாங்கிவிடு" என்று ஒரு குத்துமதிப்பு எண் பிறக்கிறது. அந்த ஐந்து கிலோவில் இருபது பார்சல்கூடக் கட்ட முடியாது. இந்தக் கணக்கில் சிக்கலான கணிதம் எதுவும் இல்லை. எந்த எடையைப் பற்றிப் பேசுகிறோம் என்ற தெளிவும், மூன்று வகுத்தல்களும் போதும். இந்த முப்பது பார்சல் ஆர்டரையே கையில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் போகலாம்.

## முதலில், ஒரே கோழிக்கு ஐந்து எடை

கறிக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பிராய்லர் கோழி ஒன்று, உயிரோடு 2 கிலோ இருக்கிறது. அறுத்து, இரத்தம் வடிந்து, இறகு போய், தலை, பாதம், குடல் எல்லாம் நீங்கியபின் தோலோடு ஏறக்குறைய 1440 கிராம் நிற்கும். தோலையும் உரித்தால் 1280 கிராம் சுமாருக்கு வரும். இதிலிருந்து நெஞ்சுக்கறியையும் இரண்டு கால்களின் கறியையும் எலும்பிலிருந்து பிரித்தெடுத்தால் 700 கிராம் தேறும். அதை வறுவலாகச் சமைத்து எடுத்தால் 500 கிராம்.

அதாவது உயிரோடு நின்ற எடையில் கால் பங்குதான் எலும்பில்லாத வெந்த கறியாகத் தட்டுக்கு வருகிறது. இந்தக் கால் பங்கு என்ற ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருந்தாலே பெரிய தவறு நேராது.

குழப்பம் வருவது, இந்த ஐந்தையும் நாம் "கோழி ஒரு கிலோ" என்றே சொல்வதால்தான். செய்தித்தாளில் வரும் கறிக்கோழி விலை, பல்லடத்திலுள்ள பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணைக் கொள்முதல் விலை. அது உயிர் எடைக்கு உரியது. கடைப் பலகையில் எழுதியிருப்பது பெரும்பாலும் கறி எடைக்கு உரியது, அதிலும் தோலோடு ஒரு விலை, தோல் உரித்தது ஒரு விலை. சமையல் குறிப்பில் இருக்கும் "சிக்கன் ஒரு கிலோ" எலும்போடு வெட்டிய கறி. ஆர்டர் கொடுத்தவர் சொல்வதோ வெந்த கறி. இவற்றில் எது என்று கேட்காமல் போட்ட கணக்கு எதுவும் நிற்காது.

## படி 1: தட்டிலிருந்து தொடங்குங்கள்

கணக்கு கடையில் தொடங்கக் கூடாது. சாப்பிடுபவரின் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னால் வரவேண்டும்.

நம் ஆர்டரில் தட்டில் இருக்க வேண்டியது வெந்த கறி 100 கிராம். முப்பது பேருக்கு 3000 கிராம். இதோடு ஐந்து சதவீதம் மட்டும் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். வாணலியில் ஒட்டியது, ருசி பார்த்தது, பார்சல் கட்டும்போது கரண்டி முன்னே பின்னே போனது என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து இது போதும். ஆக 3150 கிராம்.

இந்தக் கூடுதலை இந்த ஓர் இடத்தில் மட்டும் சேர்க்க வேண்டும். வேகும்போது சுருங்குமே என்று ஒரு பத்து, எலும்பு அதிகம் இருந்தால் என்று ஒரு பத்து, கடையில் எடை குறைந்தால் என்று ஒரு பத்து எனப் படிக்குப் படி ஏற்றிக்கொண்டே போனால், கடைசியில் தேவைக்கு மேல் 33 சதவீதம் வாங்கியிருப்போம். விற்பனைக்குச் சமைப்பவருக்கு அதுவே அந்த நாளின் லாபம் முழுவதும்.

ஆர்டர் கொடுப்பவர் "ஆளுக்கு நூறு கிராம்" என்று சொன்னால், பச்சைக் கறியா வெந்த கறியா என்று கேட்டுவிடுங்கள். வீட்டு விசேஷத்துக்குச் சமைப்பவர்கள் பெரும்பாலும் பச்சைக் கறியில்தான் பேசுவார்கள். எலும்பில்லாத பச்சைக் கறி, துவக்கப் பதார்த்தமாக என்றால் ஆளுக்கு 100 கிராம், சோற்றுக்குத் துணையான முக்கியப் பதார்த்தம் என்றால் 150 கிராம் வைப்பது ஒரு நல்ல அளவு. அப்படிப் பச்சை எடையில் பேசி முடித்துவிட்டால் அடுத்த படி தேவையில்லை, நேராக மூன்றாம் படிக்குப் போய்விடலாம்.

## படி 2: வெந்த கறியிலிருந்து பச்சைக் கறிக்கு

கோழிக்கறியில் முக்கால் பங்கு நீர். சூடேறும்போது தசைநார்கள் சுருங்கி அந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. எலும்பில்லாத துண்டுகளை வறுவலாகச் செய்யும்போது 25 முதல் 30 சதவீதம் வரை எடை குறையும். நான் 28 என்று வைத்துக்கொள்வேன். அப்படியானால் ஒரு கிலோ பச்சைக் கறியில் 720 கிராம் வெந்த கறி மிஞ்சும். மிஞ்சும் இந்தப் பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.72.

இனி ஒவ்வொரு படியிலும் செய்யப்போவது ஒன்றுதான்:

வேண்டிய எடை ÷ தேறும் பங்கு = அதற்கு முந்தைய எடை

நம் ஆர்டருக்கு 3150 ÷ 0.72 = 4375 கிராம். எலும்பில்லாத பச்சைக் கறி 4.4 கிலோ வேண்டும்.

0.72 என்பது எல்லாப் பதார்த்தத்துக்கும் பொருந்தாது. சிறு துண்டாக நறுக்கி, கருகக் கருகச் சுருள வறுத்தால் 0.65 வரைகூட இறங்கும். நெஞ்சுக்கறியை அடுப்பில் அதிக நேரம் விட்டால் எடையும் போகும், மென்மையும் போகும். அளவு குறைந்த வறுவல் நார்நாராகவும் இருந்தால், கணக்கைவிட அடுப்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

குழம்பில் நிலைமை வேறு. துண்டு சுருங்கினாலும் அதிலிருந்து வந்த சாறு குழம்பிலேயே நிற்கிறது. கிண்ணத்தில் ஊற்றும்போது அதுவும் சேர்ந்தே போகிறது. அதனால் குழம்புக்குத் துண்டின் வெந்த எடையைப் பார்ப்பதைவிடப் பச்சை எடையை வைத்துப் பங்கிடுவதே நியாயம்.

சிக்கன் 65 போல மாவு பூசிப் பொரிப்பவற்றில் வெந்த எடை நம்மை ஏமாற்றும். கறி நீரை இழக்கிறது, சோளமாவும் அரிசி மாவும் முட்டையும் எடையைக் கூட்டுகின்றன, எண்ணெயும் கொஞ்சம் ஏறுகிறது. பொரித்த துண்டின் எடை பச்சை எடையை நெருங்கிவிடுவதால், கறி குறையவே இல்லை என்று தோன்றும். உள்ளே கறி குறைந்துதான் இருக்கிறது. இவற்றுக்கும் பச்சைக் கறி எடையிலேயே கணக்கு வைப்பது நல்லது.

## படி 3: எலும்புக்கும் தோலுக்கும் எவ்வளவு போகும்

இப்போது 4.4 கிலோ எலும்பில்லாத கறி வேண்டும். அதற்கு எவ்வளவு வாங்குவது என்பது, கோழியை எந்த வடிவில் வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. பிராய்லர் கோழிக்கு, நான் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லும் பங்குகள் இவை:

- தோல் உரித்த முழுக் கோழி: 0.55
- தோலோடு முழுக் கோழி: 0.49
- தோல் உரித்த நெஞ்சு, எலும்போடு: 0.80
- தோல் உரித்த முழுக் கால், அதாவது தொடையும் கீழ்க்காலும் சேர்ந்தது: 0.70
- தோல் உரித்த கீழ்க்கால் மட்டும்: 0.62

முழுக் கோழிக்கான எண் இவ்வளவு தாழ்ந்திருப்பதற்குக் காரணம் உண்டு. இறக்கை, கழுத்து, முதுகுக்கூடு இவற்றில் கறி இருக்கிறது, ஆனால் அதைப் பச்சையாகச் சுரண்டி எடுத்துத் துண்டு போட முடியாது. எனவே போன்லெஸ் கணக்கில் நெஞ்சும் காலும் மட்டுமே சேர்கின்றன. மீதி, எலும்போடு குழம்புக்குப் போகும் கறி. அந்த முதுகுக் கறியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் எண் 0.60 வரை ஏறும். பார்சலில் வைக்கிற மாதிரி ஒழுங்கான துண்டு அதில் கிடைக்காது.

பாகங்களுக்குள்ளும் வித்தியாசத்தைக் கவனியுங்கள். நெஞ்சில் எலும்பு மெல்லியது, கறி தடித்தது. கீழ்க்காலில் அளவுக்கு மீறிய எலும்பும், நுனியில் கெட்டியான நரம்புகளும். அதனால் "லெக் பீஸ் வாங்கி எலும்பை எடுத்துக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்கள், வாங்கியது தொடையோடு சேர்ந்த முழுக் காலா, கீழ்க்கால் மட்டுமா என்று பார்க்க வேண்டும். நூற்றுக்கு எட்டு கிராம் வித்தியாசம் வரும்.

நம் ஆர்டருக்கு:

தோல் உரித்த முழுக் கோழியாக வாங்கினால் 4.4 ÷ 0.55 = 8 கிலோ.
எலும்போடு நெஞ்சு மட்டும் வாங்கினால் 4.4 ÷ 0.80 = 5.5 கிலோ.
முழுக் கால் மட்டும் வாங்கினால் 4.4 ÷ 0.70 = 6.3 கிலோ.

நெஞ்சுக்கறி மட்டுமே வேண்டும் என்று ஆர்டர் வந்தால் முழுக் கோழி பக்கமே போக வேண்டாம். 2 கிலோ கோழி ஒன்றில் சுத்தமான நெஞ்சுக்கறி 400 கிராம் சுமாருக்குத்தான் கிடைக்கும். 4.4 கிலோவுக்கு பதினோரு கோழி வாங்கி, கால்களை வைத்துக்கொண்டு விழிக்க வேண்டியிருக்கும்.

## படி 4: வகுக்க வேண்டும், சதவீதத்தைக் கூட்டக் கூடாது

புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் தவறாமல் வழுக்கும் இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முழுக் கோழியில் 45 சதவீதம் போகிறது. எனக்கு 4.4 கிலோ வேண்டும். 4.4 கிலோவில் 45 சதவீதம் ஏறக்குறைய 2 கிலோ. இரண்டையும் கூட்டினால் 6.4 கிலோ. பார்க்கச் சரியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்த 6.4 கிலோவைக் கொண்டுவந்து எலும்பு நீக்கினால் கிடைப்பது 6.4 × 0.55, அதாவது 3.5 கிலோ. வேண்டியது 4.4. வறுத்து முடித்தால் இரண்டரை கிலோ. இருபத்தைந்து பார்சல் கட்டியதும் வாணலி காலி, இன்னும் ஐந்து டப்பா திறந்தே கிடக்கும்.

எங்கே தவறு? கடைக்காரர் வெட்டுவது நாம் வாங்கும் பெரிய எடையை. எலும்பு போவதும் அந்தப் பெரிய எடையில் 45 சதவீதம். நாம் கூட்டியதோ, கடைசியில் மிஞ்ச வேண்டிய சிறிய எடையில் 45 சதவீதம். பெரியதில் போவதைச் சிறியதில் எடுத்த சதவீதத்தால் ஈடுகட்ட முடியாது. கழிவு பாதியாக இருந்தால் இது பளிச்சென்று தெரியும். பாதி வீணாகும் பொருளில் ஒரு கிலோ வேண்டுமென்றால் இரண்டு கிலோ வாங்குவோம், ஒன்றரை வாங்க மாட்டோம்.

கழிவு சதவீதம் சின்னதாக இருக்கும்போது இந்தத் தவறு கண்ணில் படாது. பத்து சதவீதக் கழிவில் ஒரு கிலோ வேண்டுமென்றால், கூட்டினால் 1100 கிராம், வகுத்தால் 1111 கிராம், அவ்வளவுதான். கோழியைப் போலப் பாதிக்கு நெருக்கமாகக் கழியும் பொருளில்தான் அது முழு உருவம் எடுக்கிறது. எனவே கழிவு சதவீதத்தை எங்கேயும் எழுதி வைக்காதீர்கள். தேறும் பங்கை மட்டும் எழுதி வையுங்கள். 0.55 என்ற எண் கண்ணுக்கு முன்னால் இருந்தால் கை தானாக வகுக்கும்.

விடை சரியா என்று பார்க்க, கணக்கைத் தலைகீழாக ஓட்டிப் பாருங்கள். 8 கிலோ × 0.55 = 4.4 கிலோ பச்சைக் கறி. 4.4 × 0.72 = 3.17 கிலோ வெந்த கறி. முப்பதால் வகுத்தால் ஆளுக்கு ஏறக்குறைய 106 கிராம். சரி.

## படி 5: கடையில் எப்படிக் கேட்பது

கடைக்குள் நுழைந்ததும் விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: "அண்ணா, உயிரோட எடை போடுவீங்களா, கறியா எடை போடுவீங்களா?"

உயிர் எடை என்றால் இன்னொரு வகுத்தல் வேண்டும். தோல் உரித்த கறி, உயிர் எடையில் 0.64 பங்கு. 8 ÷ 0.64 = 12.5 கிலோ. கோழியை அரைக் கோழியாக வாங்க முடியாது என்பதால் இங்கேதான் எண்ணிக்கைக்கு மாற்ற வேண்டும். 2.1 கிலோ சுமாருள்ள ஆறு கோழி. முழு எண்ணாக மேலே ஏற்றுவதை இந்தக் கடைசிப் படியில் மட்டும் செய்யுங்கள். நடுவில் ஒவ்வொரு படியிலும் ஏற்றினால் முதல் படியில் சொன்ன அதே கூடுதல் வேறு வேடத்தில் உள்ளே வந்துவிடும்.

கறி எடை என்றால், தோலோடா உரித்ததா என்று அடுத்து கேட்க வேண்டும். சில கடைகளில் தோலோடு எடை போட்டுவிட்டு, அதற்குப் பிறகு உரித்துக் கொடுப்பார்கள். அதில் தவறொன்றும் இல்லை, விலையும் அதற்கேற்பக் குறைவாக இருக்கும். ஆனால் நாம் 8 கிலோ என்று சொல்லிவிட்டு வந்தால், கையில் வருவது 7.1 கிலோவாக இருக்கும். அந்தக் கடையில் 9 கிலோ சொல்ல வேண்டும்.

எலும்பெடுக்கும் வேலையைக் கடைக்காரரிடமே விடுவதாக இருந்தால், "நெஞ்சு தனியா, கால் தனியா எடுத்துக் குடுங்கண்ணா. இறக்கை, முதுகு, எலும்பு எல்லாம் தனிப் பையில போட்டுடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தத் தனிப் பை குழம்புக்கும் சூப்புக்கும் உதவும். அதைவிட முக்கியமாக, எல்லாப் பைகளையும் வீட்டில் எடை போட்டுப் பார்க்க முடியும். எலும்பு கடையிலேயே நின்றுவிட்டால் தேறிய பங்கு சரிதானா என்று பார்க்க வழியே இல்லை.

வெட்டும் அளவையும் சொல்லிவிட வேண்டும். கடைக் கத்திக்கு முழுக் கோழியைக் குழம்புத் துண்டாகப் போடுவதே பழக்கம். துண்டு போட்ட கறியிலிருந்து வீட்டில் எலும்பெடுக்கப் போனால் பாதிக் கறி எலும்போடு போய்விடும். எலும்பெடுப்பதாக இருந்தால் நெஞ்சும் காலும் முழுதாகவே வர வேண்டும்.

## படி 6: உங்கள் கையின் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

மேலே கொடுத்த பங்குகள் தொடங்குவதற்கு மட்டும். கோழியின் வயது, எடை, இனம், கடைக்காரர் சுத்தம் செய்யும் விதம், எலும்பெடுப்பவரின் கைப்பழக்கம் எல்லாம் சேர்ந்து முழுக் கோழிக்கு 0.50 முதல் 0.58 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். பெரிய ஆர்டரை ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரே ஒரு கோழியை அளந்து பார்த்துவிட்டால், அதன்பிறகு நம் சொந்த எண் நமக்குக் கிடைத்துவிடும். வேண்டியது ஒரு கிராம் காட்டும் சமையலறைத் தராசு, நாலைந்து கிண்ணம், கூர்மையான சின்னக் கத்தி.

கோழியைக் கழுவியதாக இருந்தால் நீர் வடியும்வரை வடிதட்டில் கால் மணி நேரம் வையுங்கள். பிறகுதான் எடை. வெட்ட வெட்ட ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் போட்டு எழுதி வாருங்கள். தோல் உரித்த கோழி ஒன்றுக்கு ஏடு இப்படி இருக்கும்:

- வாங்கிய கோழி: 1260 கிராம்
- நெஞ்சுக்கறி: 410
- கால் கறி: 280
- இறக்கை, கழுத்து, முதுகுக்கூடு: 315
- நெஞ்செலும்பு, கால் எலும்புகள்: 215
- கொழுப்பு, சவ்வு, நரம்பு: 25

தேறிய கறி 410 + 280 = 690. அதை 1260-ஆல் வகுத்தால் 0.55. இதுதான் நம் எண்.

பிறகு எல்லா வரிகளையும் கூட்டிப் பாருங்கள். 1245 வருகிறது. 15 கிராம் குறைகிறது. அது பலகையிலும் கிண்ணத்திலும் வடிந்த நீர். இவ்வளவு குறைந்தால் கவலையில்லை. ஐம்பது, அறுபது கிராம் காணாமல் போனால் இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். ஒன்று, ஏதோ ஒரு கிண்ணம் ஏட்டில் ஏறவில்லை. இல்லையென்றால் கோழி நிறைய நீரோடு வந்திருக்கிறது. ஐஸ் தண்ணீரில் ஊறிய கோழி, வெட்டும்போது பலகையை நனைத்துக்கொண்டே இருக்கும்.

நீர் இன்னொரு விதமாகவும் கணக்கைக் கெடுக்கும். கழுவிய ஈரத்தோடு கறியை எடை போட்டால், தேறிய பங்கு வழக்கத்தைவிட நன்றாக இருப்பது போலத் தெரியும். அடுப்பிலிருந்து இறக்கியதும் வெந்த எடை வழக்கத்தைவிடக் குறைந்திருக்கும். முதல் எண் கூடி இரண்டாவது எண் குறைந்தால், நடுவே இருப்பது தண்ணீர்தான்.

தேறிய பங்கு 0.50-க்குக் கீழே வந்தால் எலும்புக் கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். நெஞ்சின் நடுவே கப்பலின் அடிப்பாகம் போல நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு ஒன்று உண்டு. அதன் இரு பக்கமும் விரல் தடிமனுள்ள ஒரு நீளத் துண்டுக் கறி தனியாக ஒட்டியிருக்கும். பெரிய நெஞ்சுக்கறியை உரித்தெடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். இரண்டு பக்கமும் சேர்ந்தால் ஒரு ஆளின் பங்குக்கு நெருங்கிவரும். தொடையில் பார்க்க வேண்டிய இடம், எலும்பின் இரண்டு முனைகள். கத்தியின் நுனி எலும்பைத் தொட்டுக்கொண்டே போனால் எலும்பு வெளுப்பாக வரும். சிவந்த சதை தொங்கிக்கொண்டிருந்தால் கத்தி எலும்பை விட்டு விலகி ஓடியிருக்கிறது.

சமைத்து முடித்தபின் மசாலா, வெங்காயம் நீக்கி ஒரு கரண்டித் துண்டுகளை மட்டும் எடை போட்டுப் பார்ப்பது கடினம். அதற்கு எளிய வழி, சமைக்கும் முன் இருபது துண்டுகளை எடை போட்டு எழுதிக்கொள்வது. அதே அளவுள்ள இருபது துண்டுகளை வெந்தபின் எடுத்து, மசாலாவை வழித்துவிட்டு எடை போடுங்கள். வெந்த எடையைப் பச்சை எடையால் வகுத்தால் உங்கள் அடுப்பின் பங்கு கிடைக்கும்.

## படி 7: எலும்போடு வாங்குவதா, போன்லெஸ்ஸாகவே வாங்குவதா?

இதற்கும் அதே தேறும் பங்குதான் விடை சொல்லும். கணக்குக்காக, தோல் உரித்த முழுக் கோழி கிலோ 240 ரூபாய், கடையிலேயே எலும்பெடுத்த கறி கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

240 ÷ 0.55 = 436. எலும்போடு வாங்கி நாமே பிரித்தால் சுத்தக் கறி கிலோ 436 ரூபாய் அடக்கம். 240 என்பது பார்க்க மலிவாக இருந்தாலும் 400 ரூபாய்க் கறிதான் இங்கே மலிவு. இதை ஒரு பெருக்கலில் நின்ற இடத்திலேயே பார்க்கலாம். போன்லெஸ் விலையை 0.55-ஆல் பெருக்குங்கள்: 220. முழுக் கோழி அதற்கு மேல் விற்றால் போன்லெஸ் வாங்குவதே மேல். கீழே விற்றால் நாமே எலும்பெடுக்கலாம்.

ஆனால் இறக்கையும் முதுகும் நம் வீட்டில் உண்மையாகவே பயன்படுமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கிலோ முழுக் கோழியில் அவை கால் கிலோ இருக்கும். மறுநாள் குழம்புக்கு அதை எடுத்துக்கொள்வோம் என்றால், கிலோவுக்கு 120 ரூபாய் என்று குறைத்தே மதிப்புப் போட்டாலும் 30 ரூபாய் கழிக்கலாம். 240-இல் 30 போனால் 210. 210 ÷ 0.55 = 382. இப்போது முழுக் கோழி வென்றுவிட்டது. எலும்பை உறைவிப்பானில் போட்டு, மாதக் கடைசியில் தூக்கி எறியும் வீடாக இருந்தால் அந்த 30 ரூபாயைக் கழிக்காதீர்கள். ஆறு கோழிக்கு எலும்பெடுக்க ஆகும் நேரத்துக்கும் ஒரு கூலி உண்டு. விற்பனைக்குச் சமைப்பவர் அதையும் சேர்க்க வேண்டும்.

கடையில் எலும்பெடுத்துக் கிடைக்கும் கறி பெரும்பாலும் நெஞ்சுக்கறி. மிளகு வறுவலுக்குக் காலின் கறிதான் சுவை, வறண்டும் போகாது. விலைக் கணக்கு போன்லெஸ் பக்கம் சாய்ந்தாலும், கால் கறி வேண்டும் என்றால் முழுக் காலுக்குத் தனியாக ஒரு முறை வகுத்துப் பாருங்கள். முழுக் கால் கிலோ 270 என்றால், 270 ÷ 0.70 = 386. பல சமயம் இது போன்லெஸ்ஸைவிடச் சிக்கனமாக வந்து நிற்கும்.

## நாட்டுக்கோழியும் உறைந்த கோழியும்

இந்த எண்கள் எவையும் நாட்டுக்கோழிக்குப் பொருந்தாது. அதன் நெஞ்சு மெலிந்தது, கால் நீண்டது, எலும்பு கெட்டி. பிராய்லரைவிடக் கறி குறைவாகத்தான் தேறும். வேகும் நேரமும் அதிகம். எலும்பில்லாத நாட்டுக்கோழி வறுவலுக்கு ஆர்டர் வந்தால், ஒரு கோழியை அளந்து பார்க்காமல் விலை சொல்ல வேண்டாம். அந்தக் கோழியின் சுவை எலும்பிலிருந்து இறங்கும் சாறில் இருக்கிறது என்பதால், எலும்போடு சமைக்கலாமா என்று ஆர்டர் கொடுத்தவரிடமே கேட்டுப் பார்ப்பேன்.

உறைந்த கோழி பாக்கெட்டில் வாங்கினால், பாக்கெட்டின் மேலுள்ள எடையை நம்பி வகுக்காதீர்கள். துண்டுகளின் மேல் படிந்த பனியும், உருகும்போது கறியிலிருந்து வெளியேறும் நீரும் கழிய வேண்டும். முந்தின இரவே ஒரு கிண்ணத்தின் மேல் வடிதட்டு வைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் உருகவிடுங்கள். காலையில் வடிதட்டில் இருப்பதை எடை போட்டு, பாக்கெட் எடையால் வகுத்தால் இன்னொரு பங்கு கிடைக்கும். உதாரணமாக ஒரு கிலோ பாக்கெட்டில் 920 கிராம் நின்றால், 0.92. எலும்பில்லாத கறி பாக்கெட் என்றால் நம் ஆர்டருக்கு 4.4 ÷ 0.92 = 4.8 கிலோ, அதாவது ஒரு கிலோ பாக்கெட் ஐந்து. அவசரத்துக்கு வெளியே மேசையில் வைத்து உருக்காதீர்கள். உள்ளே ஐஸாக இருக்கும்போதே வெளிப்பக்கம் கெட ஆரம்பித்துவிடும், அப்படிக் கெட்ட கறியைத் தூக்கி எறியத்தான் வேண்டும்.